அந்தி நேரத்துப் புள்ளிகள்

என் முகத்தை யாரும் பார்க்காத இடத்தில்தான் எனக்குப் பேச்சு வரும். கடையில் அரை இறாத்தல் பாண் வாங்கக்கூட விரலால்தான் காட்டுவேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த தரிப்பிடம் வரை போய் நடந்து திரும்பிய நாட்கள் உண்டு. ஆனால் காதில் ஹெட்செட்டை மாட்டியதும் எங்கிருந்தோ வேறொருத்தியின் குரல் வந்து என் வாயில் உட்கார்ந்துகொள்ளும். "வணக்கம், சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று அது அவசரமில்லாமல் கேட்கும். அந்தக் குரல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வன்னியிலிருந்து வந்தவர்களில் பலர் திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் புத்தளம் நகரத்தில் ஒரு வேலை கிடைத்திருந்தது. வீடுகளுக்குக் கம்பியில்லாமல் இணையம் கொடுக்கும் ஒரு சிறிய கம்பனியின் சேவை அறை அது. இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் நாலைந்து மேசைகள். கீழே கடைக்காரர் கம்பி வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என் மேசைக்குப் பக்கத்து யன்னலால் பார்த்தால், கடல்நீர் உள்ளே வந்து தேங்கி நிற்கும் களப்பு தெரியும். அதற்கு அப்பால் கற்பிட்டிக் கரை, யாரோ பென்சிலால் கீறிவிட்டு அழிக்க மறந்த கோடுபோலக் கிடக்கும்.

ஆட்கள் இணையம் வேலை செய்யவில்லை என்று அழைத்தால் கணினி ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஓர் இலக்கம் கொடுக்கும். அதை டிக்கெட் என்போம். பிரச்சினை தீர்ந்ததும் யார் கடைசியாகச் சரிபார்க்கிறாரோ அவர் அந்த டிக்கெட்டை மூடுவார். அன்று பின்னேரம், ஆட்கள் வீட்டில் ஓய்வாக இருப்பார்கள் என்று கொழும்பில் யாரோ கணக்குப் போட்டு வைத்த நேரத்தில், கணினி தானாக அவர்களுடைய போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். எங்கள் சேவை எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் புள்ளி போடுங்கள் என்று. ஐந்து என்றால் நல்ல திருப்தி. ஒன்று என்றால் கோபம். வரும் புள்ளி, டிக்கெட்டை மூடியவரின் பெயருக்கு நேரே போய் விழும்.

எங்கள் அறைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைத்த வழக்கம் இல்லை. களப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கற்பிட்டி, மாம்புரிப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் அதை என்னிடம் தள்ளிவிடுவார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் ஒரே முறைப்பாட்டை மறுபடி மறுபடி சொல்வார்கள், நீளமாகக் கதைப்பார்கள். எனக்குப் பொறுமை இருக்கிறது என்பது அறையின் தீர்மானம். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளை, நகரத்துக்காரி, எப்போதும் வாயில் ஒரு பகிடி வைத்திருப்பாள்.

"அக்கா, ஒங்கட கடல் கூப்பிடுது," என்பாள்.

"அது கடல் இல்லை, களப்பு."

"எதுவா இருந்தா என்ன? தண்ணிக்கு அங்கால இரிக்கிற ஆக்கள் எல்லாம் ஒங்கட ஆக்கள்தான். எனக்கு இந்தப் பக்கம் முந்தல் ஊர் ஆக்களே காணும்."

நான் எடுத்துக்கொள்வேன். உண்மையில் எனக்கு அது விருப்பம். அந்தப் பக்கத்து ஆட்களின் அழைப்பில் பின்னால் எப்போதும் காற்று கேட்கும். தென்னோலை அடிபடும். ஏதோ கனவுக்குள்ளிருந்து யாரோ என்னை அழைத்து, "இங்க நெட் இல்ல" என்று சொல்வதுபோல இருக்கும்.

அந்த வருடம் வெயில் ஏறத் தொடங்கியபோது கொழும்பிலிருந்து ஒரு புதிய உத்தரவு வந்தது. ஒவ்வொருவரின் திருப்திப் புள்ளியையும் மாதா மாதம் சுவரில் ஒட்ட வேண்டும். நல்ல புள்ளிக்குப் பச்சைத் தாள், நடுவில் இருப்பவருக்கு மஞ்சள், குறைந்தவருக்குச் சிவப்பு. தொடர்ந்து சிவப்பில் நிற்பவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிலாபத்துப் பெண், என்னைவிட வயதில் நன்றாக இளையவர். வீட்டில் சிங்களமும் தமிழும் கலந்து பேசுபவர். நாங்கள் மிஸ் என்போம். அவரே கதிரையில் ஏறி நின்று தாள்களை ஒட்டினார். என் பெயருக்கு மேல் சிவப்பு.

"அனே, இது முதல் மாசம்தானே அக்கா. அடுத்த மாசம் மாறும்," என்றார்.

மாறவில்லை. அடுத்த மாதமும் சிவப்பு. எங்கள் அறைக்கு வரும் புள்ளிகளே கொஞ்சம்தான். மெசேஜ் கிடைத்த எல்லோரும் பதில் போடுவதில்லை. என் பெயருக்கு வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலே 'ஒன்று' இரண்டு மூன்று தடவை விழுந்தால் போதும், தாள் சிவந்துவிடும்.

எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்தது. அந்தக் கதிரையிலிருந்து எழும்பினால் அந்தக் குரல் எங்கே போகும்? மாலையில் வீட்டுக்கு நடக்கும்போது நானே எனக்குள் "வணக்கம், சொல்லுங்க" என்று சொல்லிப் பார்ப்பேன். ஹெட்செட் இல்லாமல் அது வெறும் மூச்சாக வரும்.

சுவரில் தாள் ஏறியதிலிருந்து அறையும் மாறிவிட்டது. எதிரே இருந்த பிள்ளை டிக்கெட்டை மூடும்போதெல்லாம் குரலைத் தேனாக்கி, "பின்னேரம் ஒரு மெசேஜ் வரும், அஞ்சு போடுங்க, பிளீஸ், என்ட வேலை அதுல இரிக்கி," என்று கெஞ்சப் பழகினாள். பச்சைத் தாள் அவளுக்குத்தான். களப்புக்கு அந்தப் பக்கத்து டிக்கெட்டுகளை மூட யாரும் தயாரில்லை. அவை திரையில் அநாதைகளாகக் கிடந்து, கடைசியில் என்னிடம் வந்தன.

ஒரு நாள் மிஸ் என்னைத் தன் மேசைக்கு அழைத்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் திட்டவில்லை. என்னுடைய அழைப்புகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். இருவரும் ஆளுக்கொரு காதுக்கு ஹெட்செட்டைப் பகிர்ந்து கேட்டோம். என் குரலை நானே கேட்பது, கண்ணாடியில் வேறு ஆளைப் பார்ப்பது போல இருந்தது.

"இதுல பிழை எங்க?" என்று மிஸ் தன்னையே கேட்டுக்கொண்டார். "பொறுமையா கதைக்கிறீங்க. சரியாச் சொல்றீங்க. அந்த மனுசி கடைசியில தேங்க்ஸும் சொல்றாங்க. அதே மனுசி பின்னேரம் ஒண்டு போட்டிருக்காங்க. ஏன்?"

நான் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

மிஸ் பேனையைக் கடித்தார். பிறகு திரையில் எங்கள் பெயர்கள் இருந்த நிரலை மறைத்துவிட்டு, புள்ளிகளை ஊர்வாரியாக அடுக்கினார். அப்போதுதான் அது தெரிந்தது. முந்தல் பக்கத்துப் புள்ளிகள் யார் மூடினாலும் நல்லவை. என்னுடையவையும் நல்லவை. களப்புக்கு அந்தப் பக்கத்துப் புள்ளிகள் யார் மூடினாலும் கூடாதவை. பச்சைத் தாள் பிள்ளை அவசரத்தில் மூடிய ஒரே ஒரு மாம்புரி டிக்கெட்டுக்கும் ஒன்றுதான் விழுந்திருந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். "அல்லாஹ்! நா அவங்கக்கிட்ட எவ்வளவு கெஞ்சினன் தெரியுமா? அதுக்கும் ஒண்டா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மிஸ், அந்தப் பக்கத்து கோல் எல்லாத்தையும் நாங்கதான் அக்காக்குத் தள்ளுற. இந்தச் சிவப்பு முழுக்க அவட இல்ல. நாங்க குடுத்தது," என்றாள்.

மிஸ் அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அங்க போய்க் கேட்டாத்தான் சரி," என்றார்.

பாலாவிச் சந்தியால் திரும்பி, கம்பனியின் வான் வண்டியில் போனோம். சாரதி, அவருக்குப் பக்கத்தில் மிஸ், பின்னால் நான். உப்பளங்கள் வெயிலில் வெள்ளையாக எரிந்தன. அவற்றுக்கு மேல் காற்று நெளிந்து, உப்புக் குவியல்கள் நிலத்தில் நில்லாமல் மிதப்பதுபோல இருந்தது. எனக்கு நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவே ஒரு மயக்கம். இத்தனை நாள் காதால் மட்டும் தெரிந்த ஊருக்குள் கண்ணோடு போகிறேன். அந்த ஆட்கள் என் முகத்தைப் பார்த்துவிடுவார்கள் என்பதே எனக்குப் பெரிய பயம்.

மாம்புரியில் நாங்கள் போன வீடு களப்புப் பக்கமாக இருந்தது. முற்றம் முடியும் இடத்தில் தண்ணீர். அந்த வீட்டுப் பெண்ணோடு நான் போனில் எத்தனையோ தடவை கதைத்திருக்கிறேன். அன்று காலையில்கூட. எங்கள் டெக்னீஷியன் அவளுடைய வீட்டுக்கும் கோபுரத்துக்கும் போய்ப் பார்த்து, சிக்னல் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அவளும் ஓம், இப்போது வருகிறது என்றாள். நான் டிக்கெட்டை மூடியிருந்தேன்.

மிஸ் எங்களை அறிமுகப்படுத்தியதும் அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு என்னைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"போன்ல கதைக்கிற அக்காவா? நா இன்னும் உயரமா இரிப்பீங்கண்டு நெனச்சிருந்தன்," என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். தலையையும் ஆட்டினேன்.

பிளேன்டீயும் பிஸ்கட்டும் வந்தன. அவளுடைய புருஷன் கட்டாரில் வேலை. அங்கே அவருக்கு வேலை முடியும் நேரம் இங்கே அந்தி. தினமும் அந்த நேரத்தில்தான் முகம் பார்த்துக் கதைப்பார்கள். போனில் மெசேஜ் வரும், குரல் வரும். முகம் வருவதென்றால் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த எங்கள் பெட்டிதான் வேண்டும்.

"இப்ப நல்லா இரிக்கி, பாருங்க," என்று போனைக் காட்டினாள். உண்மையாகவே நன்றாக இருந்தது. ஏதோ சமையல் வீடியோ தங்கு தடையில்லாமல் ஓடிற்று. மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு ஏன் ஒன்று போடுகிறாள் என்ற கேள்வி அவர் கண்ணில் இருந்தது. ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை. "கொஞ்சம் இருந்திட்டுப் போறோம்," என்று மட்டும் சொன்னார்.

வெயில் சாய்ந்தது. பகல் முழுதும் ஓலைகளை ஆட்டிய காற்று, யாரோ கையால் பிடித்து நிறுத்தியதுபோல நின்றுவிட்டது. களப்பு எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. நான் முற்றத்து ஓரத்துக்குப் போய் நின்றேன். எதிர்க்கரையில் புத்தளம். இங்கிருந்து பார்த்தால் அதுதான் பென்சில் கோடாக இருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அது வழக்கத்தைவிட உயரமாக, மரங்கள் எழும்பி நீண்டு, வானத்துக்குள் பாதி ஏறியிருந்தது. அந்தக் கோட்டுக்குள்தான் என் யன்னல் இருக்கிறது. அந்த யன்னலுக்குப் பின்னால் என் கதிரை. நான் இல்லாத என் கதிரையைத் தண்ணீருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஏற்கெனவே காலியாகிவிட்டது போலவும், நான் தூரத்திலிருந்து அதை நினைத்துக்கொண்டிருப்பது போலவும் இருந்தது.

உள்ளே இருந்து அவளுடைய குரல் கேட்டது. "ஆ, தொடங்கிட்டு."

போய்ப் பார்த்தோம். திரையில் அவளுடைய புருஷனின் முகம் பாதியில் உறைந்து நின்றது. ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து. பிறகு அதுவும் போயிற்று. பெட்டியின் விளக்குகள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல எரிந்தன.

அப்போதுதான் அவளுடைய போன் அதிர்ந்தது. மெசேஜ். அவள் வாசித்துவிட்டு முதலில் சிரித்தாள், பிறகு வெட்கப்பட்டாள். எங்கள் சேவை எப்படி இருந்தது என்று எங்கள் கணினி அவளைக் கேட்டிருந்தது.

"அக்கா, இப்ப நா என்ன போட?" என்று என்னிடமே கேட்டாள். "ஒங்களுக்கெண்டா அஞ்சு. இந்தப் பொட்டிக்கெண்டா ஒண்டே அதிகம். ஒங்கட மெசேஜ் ஆருக்குப் போடச் சொல்லுது?"

மிஸ் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் போடுங்க," என்றார்.

அவள் எங்கள் கண்முன்னாலேயே ஒன்று போட்டாள். போட்டுவிட்டு என் கையைப் பிடித்து, "மனசுல வைக்காதீங்க, இன்னொரு டீ குடிங்க," என்றாள். நான் குடித்தேன்.

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மிஸ் ஏதோ முடிவுக்கு வந்தவர்போலத் தலையாட்டினார்.

"இப்ப விளங்குது. டெக்னீஷியன்ட வேலை இது. அவர் காலையில மட்டும் பாத்திட்டு ஓகே சொல்றார். நீங்க மூடுறீங்க. பின்னேரம் ஒண்டு விழுது. கொழும்புக்கு அப்படியே எழுதுறன். சிவப்பு உங்களுக்கு இல்ல, அவருக்கு."

எனக்கு நெஞ்சு இலேசாயிற்று. அந்த இலேசு எனக்குப் பிடிக்கவும் செய்தது, உடனே பயமாகவும் இருந்தது. டெக்னீஷியன் எலுவன்குளத்துப் பொடியன். மெலிந்த தேகம். கோபுரம் சூடேறுமுன் ஏறி இறங்குவதற்காகவே விடியற்காலையில் கிளம்பி வருவான். எனக்குப் பதிலாக அவன் சுவரில் நிற்கப்போகிறான்.

வண்டிக்குள் இருட்டு. என் முகம் யாருக்கும் தெரியாது. அப்போது அந்தக் குரல், ஹெட்செட் இல்லாமலே, வந்தது.

"மிஸ், அவர் காலையில பாத்ததைத்தானே சொன்னவர். காலையில நல்லாத்தான் இருந்தது. நானும் காலையில கேட்டுத்தான் மூடினனான். அந்தப் பிள்ளையும் காலையில ஓம் எண்டுதான் சொன்னவ. மூண்டு பேரும் பொய் சொல்லேல்லை. என்ர பேரை அழிச்சுப்போட்டு அவற்ற பேரை எழுதினா, நாளைக்கு அந்தியிலயும் அந்த மனுசன்ர முகம் நிண்டுதானே போகும்?"

சாரதி கண்ணாடியில் என்னைத் தேடிப் பார்த்தார். வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

மிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முகம் தெரியாமல் இருப்பது நல்லது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சத் தூரம் போன பிறகு, "ஹரி, சரி அக்கா," என்றார். "அப்ப அவரிட்டக் கேப்பம். நீ ஏன் பாக்கேல்ல எண்டு கேக்காம, அந்தியில என்ன நடக்குது எண்டு கேப்பம்."

மறுநாள் கேட்டபோது அந்தப் பொடியன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

"காத்து விழுந்தா அப்பிடித்தான் மிஸ். இந்தக் கரைக் கோபுரத்தில இருந்து களப்பத் தாண்டித்தானே அந்தக் கரைக் கோபுரத்துக்குச் சிக்னல் போகுது. தண்ணிக்கு மேல சூடும் குளிரும் தட்டுத் தட்டா நிக்கேக்க சிக்னல் வளைஞ்சு வேற எங்கயோ போயிரும். தண்ணியில பட்டுத் தெறிச்சும் குழப்பும். அப்பிடி இரிக்கும் எண்டு எனக்கு ஒரு சந்தேகம். ஆனா காலையில போய்ப் பாத்தா ஒண்டும் இல்ல. இல்லாததை என்னெண்டு சொல்ற? சந்தேகத்துக்கு டிக்கெட் போட இடமில்லையே."

"உயரமாத் தெரிஞ்சுது," என்றேன் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உடனே குனிந்துகொண்டேன். எதிர்க்கரையை உயர்த்திக் காட்டிய அதே காற்றுதான் சிக்னலையும் வளைக்கிறது என்று பிறகு அவன் எனக்குத் தனியாக விளக்கினான்.

கோபுரத்துக்கு வந்து சேரும் சிக்னலின் அளவைக் கொழும்பில் ஒரு கணினி தானாகவே பதிந்துகொண்டிருந்தது. மிஸ் அதைக் கேட்டு வாங்கினார். ஒன்றுகள் விழுந்த அந்திகளையும் சிக்னல் விழுந்த அந்திகளையும் பக்கத்தில் வைத்தார். பல நாட்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. எல்லாமே பொருந்தவில்லை. பொருந்தாததையும் அவர் மறைக்காமல் வைத்தார். யாருடைய பெயரும் இல்லாமல், இடமும் நேரமும் மட்டும் போட்டு, எத்தனை பேர் பதில் போட்டார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்து அனுப்பினார். கெஞ்சி வாங்கிய ஐந்துகளை நம்ப முடியாது என்றும் எழுதினார். எதிரே இருந்த பிள்ளை, "என்ட பச்சையும் போயிட்டா? சரி, அது கடன் வாங்கின பச்சைதான்," என்றாள்.

கொழும்பில் இருந்த மேலாளர் போனில் பேசினார். மிஸ் ஒலிபெருக்கியில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"அப்படியென்றால் யார்தான் பொறுப்பு? ஆட்கள் பிழையே விடமாட்டார்களா?"

"விடுவாங்க சேர். அத அழைப்பக் கேட்டுத்தான் பிடிக்கலாம். சிவப்பில நிண்ட ஆளையும் பக்கத்தில வச்சுக்கொண்டு கேட்டன். இந்தப் புள்ளியில ஆள், நெட், காத்து எல்லாம் ஒண்டாக் கலந்து வருது. கொஞ்சப் பேர் போட்டதை வச்சு ஆளத் தனியாப் பிரிக்க எனக்குத் தெரியாது."

கீழே கடைக்காரர் கம்பி வெட்டினார். மேலாளர், யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார்.

அவர் யோசித்த நாட்களில் நான் ஒவ்வொரு காலையும் என் கதிரையைத் தொட்டுப் பார்த்துவிட்டே உட்கார்ந்தேன். மாத முடிவில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதற்குக் காரணம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. சுவரில் தாள்கள் மறுபடி ஒட்டப்படவில்லை. பசை காய்ந்த இடங்கள் மட்டும் இருந்தன. இரண்டு கோபுரங்களிலும் கொஞ்சம் கீழே இன்னொரு தட்டு அன்டெனாவைப் பொருத்துவதாகச் சொன்னார்கள். ஒன்று சிக்னலை விட்டாலும் மற்றது பிடித்துக்கொள்ளுமாம். அது வர நாளெடுக்கும் என்றார்கள். நாளெடுத்தது.

அதுவரை எங்கள் அறையில் ஒரு புதிய வழக்கம். அந்தப் பக்கத்து டிக்கெட்டைக் காலையில் மூடுவதில்லை. அந்தியில் ஒருவர் அழைத்துக் கேட்க வேண்டும். பழைய வழக்கப்படி அது என் தலையில்தான் விழுந்திருக்கும். ஆனால் இம்முறை அழைப்புகளைப் பங்கு போட்டோம். எதிரே இருந்தவளும் தன் பங்கை எடுத்தாள்.

முதல் அந்தியில் நான் மாம்புரிக்கு அழைத்தேன். யன்னலுக்கு வெளியே காற்று விழுந்துவிட்டிருந்தது. கற்பிட்டிக் கரை தன் மரங்களைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குள் எழும்பத் தொடங்கியிருந்தது.

"வணக்கம் தங்கச்சி, இப்ப எப்பிடி இருக்கு?"

"இப்பதான் போயிட்டு அக்கா. அவர் சிரிக்கத் தொடங்கினார், அப்பிடியே நிண்டிட்டார்."

"அப்ப நான் மூடேல்லை."

"மூடாதீங்க," என்றாள் அவள். பிறகு போனை வைக்காமல், அந்தச் சிரிப்பு எதற்காக இருந்திருக்கும் என்று தனக்குத் தோன்றியதைச் சொல்லத் தொடங்கினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.